திம்பாங் மேடையில் நின்ற லோரி

நடந்தது இந்த வரிசையில்:

1. மாலையில், பகல் வேலை முடியும் நேரத்தில், என் சக ஊழியர் ஒரு செம்பனை நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்குப் புதிய வாசல் ஒன்றை வைத்தார்.
2. தன் மேசையில் இருந்தபடியே பக்கத்தைத் திறந்து பார்த்தார். திறந்தது. "எல்லாம் ஓகே" என்று என்னிடமும் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.
3. தம்பின் ஊருக்கு அப்பால், அந்த நிறுவனத்தின் ஆலையில், பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று திம்பாங் மேடையில் ஏறியது. லோரியைச் சுமையோடு எடை போடும் மேடை அது.
4. எடை பதிவானது. முன்னும் பின்னும் தடுப்புக் கம்பிகள் இறங்கின.
5. பக்கம் நின்றுபோனது. கம்பிகள் ஏறவில்லை.
6. லோரியில் இருந்தவருடைய மனைவிக்குக் காலையில் டயாலிசிஸ். அவரை வீட்டிலிருந்து அழைத்துப் போக வேண்டியவர் இவர்தான்.

இது நடந்த வரிசை. எனக்குத் தெரியவந்த வரிசை வேறு. ஐந்தாவது முதலில் தெரிந்தது. ஆறாவதை நடுவில் தெரிந்துகொண்டேன். இரண்டாவது எனக்கு முன்பே தெரியும். அதன் பொருள்தான் கடைசிவரை தெரியாமல் இருந்தது.

நான் நீலாயில் வேலை செய்கிறேன். மற்றவர்களின் இணையதளங்களையும் சேவையகங்களையும் பார்த்துக்கொள்ளும் சிறிய நிறுவனம் எங்களுடையது. இரவு வேலையில் ஒருவர்தான் இருப்போம். செனாவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவேன். நான் வரும்போது தொழிற்சாலைகளில் வேலை முடிந்து எதிரில் ஒரு கூட்டம் மோட்டாரில் போகும். அவர்களுடைய விளக்குகள் எல்லாம் ஓய்ந்த பிறகு கட்டடத்துக்குள் நுழைந்தால், அங்கே சத்தம் என்று இருப்பது கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஓடும் இயந்திரங்களின் முனகல் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அதுவும் காதில் விழாது. தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

அன்று வெளியே பனிமூட்டம். சன்னலுக்கு எதிரே இருக்கும் செம்பனைத் தோட்டத்தின் முதல் வரிசை மட்டும் தெரிந்தது. அதன் பின்னால் இருந்த வரிசைகளை யாரோ மெதுவாக அழித்துக்கொண்டிருந்தார்கள்.

தொலைபேசி அடித்தது. ஆலையிலிருந்து, திம்பாங் அறையில் இருக்கும் அக்கா. எடைக் கணக்கை எழுதும் கிராணி வேலை அவருடையது. இதற்கு முன்பும் இரண்டொரு முறை பேசியிருக்கிறோம். நேரில் பார்த்ததில்லை.

"தங்கச்சி, இங்க சிஸ்டம் சுத்துது லா."

"சுத்துதுன்னா எப்படிக்கா?"

"சுத்துதுன்னா சுத்துதுதான். வெள்ளையா வருது, போவுது, வருது, போவுது. அப்புறம் இங்கிலீஷ்ல என்னமோ திட்டுது. ரொம்பத் தடவை திருப்பி விட்டுட்டாங்களாம், அதுக்கு நான் என்னா பண்றது?"

என் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. பச்சை நிறத்தில், நிறுவனத்தின் முத்திரையோடு, அமைதியாக வந்து நின்றது.

"எனக்குத் திறக்குதேக்கா."

"அப்ப நீயே உள்ள போ. என் பாஸ்வேர்ட் சொல்றேன். 'முடிஞ்சது'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்கு. கம்பி ஏறட்டும்."

"அக்கா, பாஸ்வேர்ட் எல்லாம் போன்ல சொல்லாதீங்க."

"சொன்னாத்தான் என்னா? என் பாஸ்வேர்ட் இந்தத் தோட்டத்துக்கே தெரியும்."

தெரிந்திருந்தாலும் பயன் இல்லை. எடை மேடையிலிருந்து வரும் கேபிள் அக்காவின் கணினியில்தான் செருகியிருந்தது. அந்தக் கணினியில் அழுத்தினால்தான் அது செல்லும். முன்பு யாரோ எடையில் ஏமாற்றினார்கள் என்று அப்படி அமைத்திருந்தார்கள். தடுப்புக் கம்பியைக் கையால் தூக்க ஒரு சாவி உண்டு. அது மேலாளரிடம் இருந்தது. மேலாளர் தொலைபேசியை எடுக்கவில்லை.

உலாவியில் சேர்ந்திருக்கும் பழைய குறிப்புகளை, குக்கிகளை, அழித்துப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பிழைப் பக்கமே அப்படித்தான் சொல்லும். நாங்களும் முதலில் அதைத்தான் சொல்வோம். அக்கா அழித்தார். சுற்றியது. கணினியை அணைத்துப் போட்டார். சுற்றியது.

"இன்னும் எத்தன தடவ அழிக்கணும்? இதுல அழிக்க இனிமே என்னா இருக்கு, என் பேருதான் இருக்கு."

சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தங்கச்சி, மேடையில ஒரு அங்கிள் மாட்டிக்கிட்டாரு. முன்னாடி கம்பி, பின்னாடி கம்பி. அவரு உன்கிட்ட பேசணுமாம்" என்றார்.

கைபேசி கை மாறும் சத்தம். பின்னணியில் லோரிகளின் இயந்திர ஒலி, தூரத்தில் ஆலையின் நீராவி சீறும் ஓசை. அதற்கு நடுவே நிதானமான ஒரு குரல்.

"வணக்கம்மா. நான்தான் திம்பாங் மேல நிக்கிறவன். ரொம்ப நேரமா நிக்கிறேன், இப்ப திரும்பப் பாத்தா என் வெயிட்டு கொறஞ்சிருக்கும்."

"சாரி அங்கிள். பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாரு, பாரு. உன்ன அவசரப்படுத்தல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லு. பள்ளிவாசல்ல சுபுஹ் பாங்கு சொல்லி விடியறதுக்கு முன்னாடி நான் கெளம்ப முடியுமா?"

அவர் சொன்னார், நான் கேட்டேன். மனைவிக்கு வாரம் மூன்று தடவை தம்பினில் டயாலிசிஸ். விடிந்ததும் தொடங்கும் முதல் முறை அவருடையது. வீடு கிம்மாஸ் போகும் சாலையில், உள்ளே ஒரு தோட்டத்தில். இவர் இரவு நடைகளை முடித்துக்கொண்டு லோரியோடு வீட்டுக்குப் போய், அங்கே நிற்கும் தன் காடியில், காரில், மனைவியை அழைத்துப் போவார். போன தடவை வயிற்றுக் கோளாறால் மனைவி பாதியிலேயே எழுந்துவிட்டார். அதனால் இப்போது காலெல்லாம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாராம். இன்றைக்கும் தவறக் கூடாது என்றார்.

"பக்கத்து வீட்டுல யாரும் இல்லையா அங்கிள்? டாக்சி?"

"டாக்சியா? அந்த ரோட்டுக்கு டாக்சி வராதும்மா, காட்டுப்பன்னிதான் வரும்." அவரே சிரித்துக்கொண்டார். "பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காடி இருக்கு. ஆனா அவன் செனாவாங்குல நைட் ஷிப்ட்டு. என் லோரிக்குப் பின்னாடி இப்ப வரிசையா லோரி. ரெண்டு பக்கமும் கால்வாய். கம்பிய ஒடச்சாக்கூட பின்னால போவ முடியாது. முன்னால போனாலும் எடை முடியாம கேட்டத் தாண்ட விடமாட்டாங்க."

நெசத்தைச் சொல் என்றார். என்னிடம் சொல்வதற்கு ஒரு நெசமும் இல்லை. "இன்னும் தெரியல அங்கிள். தெரிஞ்சதும் முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்" என்றேன்.

"போதும்மா. தெரியாதுன்னு சொல்றதும் ஒரு பதிலுதான். பொய் சொல்லியிருந்தா அவகிட்ட நானும் அதயே சொல்லியிருப்பேன்."

தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடியும் பக்கத்தைத் திறந்தேன். பச்சை நிறம். அமைதி. மூடினேன், திறந்தேன். அதே அமைதி. ஒரே கதவு, எனக்குத் திறக்கிறது, அவர்களுக்குத் திறக்கவில்லை. கனவில் இப்படி வரும். எல்லாரும் ஒரு வீட்டைக் காட்டி உள்ளே போக முடியவில்லை என்பார்கள்; நானோ அதற்குள்தான் உட்கார்ந்திருப்பேன்.

உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். அந்த எண்ணம் வந்ததும் மேசைமேல் இருந்த கைத்தொலைபேசியை எடுத்தேன்.

அதில் அலுவலக வைஃபையை அணைத்தேன். வெளி இணைப்பில் அதே முகவரியைத் தட்டினேன்.

வெள்ளை. வந்தது, போனது. வந்தது, போனது. சில தடவை சுற்றிப் பார்த்துவிட்டு உலாவி கைவிட்டது. அக்கா சொன்ன அதே வாசகம்.

அந்தப் பிழையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மடிக்கணினியைக் கைத்தொலைபேசியின் இணைப்பில் மாட்டி, கட்டளையாக ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பினேன். உலாவி தானாக ஓடிப்போய்த் தொடரும். கட்டளை அப்படி இல்லை, முதல் பதிலோடு நின்றுவிடும். வந்த பதில் இதுதான்: நீ கேட்டது இங்கே இல்லை, இந்த முகவரிக்குப் போ. போகச் சொன்ன முகவரியைப் படித்தேன். நான் கேட்ட அதே முகவரி. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

செம்பனைத் தோட்டத்துக்குள் இருட்டில் வழி தவறியவர்களுக்கு இது தெரியும். எல்லா மரமும் ஒரே உயரம், எல்லாச் சந்திப்பும் ஒரே மாதிரி. வலப்பக்கம் திரும்பினால் சாலை வரும் என்று திரும்புவோம். கொஞ்ச தூரத்தில் அதே சந்திப்பு, அதே பலகை, அதே வாடிய ஓலைக் குவியல். பலகை பொய் சொல்வதில்லை. அது சாலைக்குப் போகும் வழி என்று உண்மையாகவே நம்பித்தான் அங்கே நிற்கிறது. அப்படியானால் யார் இந்தப் பலகையை வைத்தது என்று தேட வேண்டும்.

அந்தப் பக்கத்துக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் இப்போது இரண்டு வாசல்கள். புராக்சி என்போம்: வருகிற கோரிக்கையை வாங்கி உள்ளே இருப்பவரிடம் கொடுத்து, பதிலை வாங்கி வெளியே கொடுக்கும் இடையாள். முன்பு ஒன்றுதான் இருந்தது. அதை உள்வாசல் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் அதற்கு முன்னால் என் சக ஊழியர் வைத்த புதியது வெளிவாசல்.

உலாவியில் முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டு ஒன்று தெரியுமே, அந்தப் பூட்டைத் திறக்கும் வேலை இப்போது வெளிவாசலுடையது. பூட்டிய வழியில் வரும் கோரிக்கையை அது திறந்து, எங்கள் உள்வலையில் பூட்டு இல்லாத வழியில் உள்வாசலுக்கு அனுப்பும். உள்வாசல் அதைச் செயலியிடம் கொடுக்கும். செயலி என்றால் எடைகளைப் பதியும் அந்த மென்பொருள்தான். செயலிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பூட்டிய வழியில் வராத யாருக்கும் அது பதில் சொல்லாது. "பூட்டிய வழியில் வா" என்று திருப்பி அனுப்பிவிடும்.

மூன்று காரியங்களைச் செய்தேன்.

முதலில், வாசல்கள் எதையும் தொடாமல், செயலியிடமே நேராகக் கேட்டேன். "பூட்டிய வழியில் வந்தவள்" என்று குறிப்பு எழுதி அனுப்பினால் பக்கத்தைக் கொடுத்தது. குறிப்பு இல்லாமல் அனுப்பினால் திருப்பி அனுப்பியது. அதன் மேல் தப்பு இல்லை.

அடுத்து, வெளிவாசல் அனுப்பும் கோரிக்கை உள்வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பார்த்தேன். "இவர் பூட்டிய வழியில் வந்தவர்" என்ற குறிப்பு சரியாக ஒட்டியிருந்தது. அதன் மேலும் தப்பு இல்லை.

கடைசியாக, உள்வாசலிலிருந்து செயலிக்குப் போவதைப் பார்த்தேன். குறிப்பு இருந்தது. ஆனால் "பூட்டு இல்லாத வழியில் வந்தவர்" என்று இருந்தது.

உள்வாசலின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. வருகிறவர் எந்த வழியில் வருகிறார் என்பதை உன் கண்ணால் பார்த்து எழுது என்று அதற்குச் சொல்லியிருந்தது. அந்த வாசல் ஒன்றே ஒன்றாக இருந்த காலத்தில் அது சரியான வரி. இப்போதோ அதன் கண்ணுக்குத் தெரிவது வெளிவாசலிலிருந்து வரும் பூட்டில்லாத உள்வழி மட்டும்.

கண்ணை மூடினால் இரண்டு காவலர்கள் தெரிந்தார்கள். பனிமூட்டத்துக்குள், தோட்டத்துச் சாலையில். முதல் காவலர் வருகிறவரைச் சோதித்து, "பெரிய கேட் வழியாக வந்தார்" என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். கொஞ்ச தூரத்தில் இரண்டாமவர் அந்தச் சீட்டை வாங்கி, அடித்துவிட்டு, "மண் பாதையில் வந்தார்" என்று எழுதுகிறார். அவர் பார்த்தது அதைத்தான். அலுவலகத்தில் இருப்பவர் சீட்டைப் பார்த்து, "மண் பாதையில் வருகிறவர்களுக்கு இங்கே இடமில்லை, பெரிய கேட் வழியாக வாருங்கள்" என்கிறார். வந்தவர் திரும்பிப் பெரிய கேட்டுக்கு நடக்கிறார். மூன்று பேரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள். அவர் விடியும்வரை நடந்துகொண்டே இருக்கிறார்.

எங்கள் அலுவலகத்தில் மட்டும் ஏன் திறந்தது என்பதும் இப்போது புரிந்தது. அலுவலகத்துக்குள் இருந்து அந்தப் பெயரைக் கேட்டால், எங்கள் உள்வலை நேராக உள்வாசலின் முகவரியைத்தான் கொடுக்கும். அங்கே பழைய பூட்டு இன்னும் இருக்கிறது. பூட்டிய வழியில் உள்வாசலுக்கே போகிறோம். அது தன் கண்ணால் பார்த்து உண்மையைத்தான் எழுதுகிறது. நாங்கள் வெளிவாசலைக் கடக்கவே இல்லை. ஆலைக்கும் இரவு ஆகும்வரை ஒன்றும் நேராததற்குக் காரணம் உண்டு. ஒரு பெயருக்கு எந்த முகவரி என்பதை ஒவ்வோர் இடமும் சில மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். ஆலை பழைய முகவரியை நினைவில் வைத்திருந்தது. அந்த லோரி மேடையில் ஏறிய பிறகு அதை மறந்தது.

இரவு வேலையில் இருப்பவர் எதையும் பார்க்கலாம். எதையும் மாற்ற வேண்டுமானால் கடைசியாக மாற்றியவரின் சம்மதம் வேண்டும். இது எங்கள் இடத்து வழக்கம். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் கைவைத்துக் காலையில் மற்றவர்கள் தலையில் கைவைத்த அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. செயலியின் கண்டிப்பை நிறுத்தினால் சுற்றல் உடனே நிற்கும்; ஆனால் அந்த நிறுவனத்தின் எல்லா ஆலைகளின் கடவுச்சொல்லும் பூட்டில்லாமல் போய்வர வழி திறந்துவிடும். முகவரியைப் பழையபடி மாற்றினால், அந்தச் செய்தி ஆலைக்குப் போய்ச் சேரவே பொழுது விடிந்துவிடும். மாற்ற வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.

என் சக ஊழியரை அழைத்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தேன். ஓய்ந்தது. அந்த நேரத்தில் சன்னலைப் பார்த்தேன். முதல் வரிசை மரங்களும் இப்போது இல்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்குவது அந்த வெள்ளைக்குள் தெரிவதுபோல இருந்தது. அவருடைய முகம் எனக்குத் தெரியாது. வீங்கிய கால்கள் மட்டும் தெரிந்தன.

மூன்றாம் தடவை எடுத்தார்.

"என்னா, எரியுதா?"

"எரியலண்ணே, சுத்துது. சாயங்காலம் எங்கேர்ந்து டெஸ்ட் பண்ணீங்க?"

"மேசையிலேர்ந்துதான். திறந்துச்சே. நீயும் பாத்த."

"பாத்தேன். நம்ம ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு வாசக்கதவு திறக்குதான்னு பாத்திருக்கோம்."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"ஐயோ. உள்ளே உள்ளதுல அந்த வரியா?"

"அந்த வரிதான்."

"பழைய ஃபைல அப்படியே விட்டுட்டேன். இவ்வளவு நாளா வேலை செஞ்ச வரியாச்சே, அத யாரு பாப்பா…" நிறுத்தினார். "சரி, மாத்து. ஆனா வர்றவன் சொல்றத எல்லாம் நம்பாத. முன்னால உள்ள வாசல் சொன்னா மட்டும் நம்பு."

"அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். படிக்கிறேன், கேளுங்க."

படித்தேன். வெளிவாசலின் முகவரியிலிருந்து வந்தால், அது எழுதிய குறிப்பை அப்படியே செயலிக்குக் கொடு. வேறு எங்கிருந்து வந்தாலும் பழையபடி உன் கண்ணால் பார்த்து எழுது. அவர் ஓர் இடத்தில் நிறுத்தி, முகவரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ஓகே லா. ரீஸ்டார்ட் வேணாம், ரீலோட் மட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

பழைய கோப்பைப் பத்திரமாக நகல் எடுத்தேன். வரியை மாற்றினேன். பிழை இல்லையே என்று உள்வாசலிடமே சோதிக்கச் சொன்னேன், இல்லை என்றது. ஓடுகிற வேலையை நிறுத்தாமல் புதிய அமைப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

கைத்தொலைபேசியின் இணைப்பிலிருந்து கட்டளையை அனுப்பினேன். போ என்று சொல்லவில்லை. பக்கத்தைக் கொடுத்தது.

"வந்துடுச்சா?" என்றார் என் சக ஊழியர்.

"வெளியிலேர்ந்து வந்துடுச்சுண்ணே."

"உள்ளேர்ந்தும் பாரு." பார்த்தேன். வந்தது. "இனிமே என்ன டெஸ்ட்டுன்னாலும் ரோட்டுல போய் நின்னுக்கிட்டுதான் பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு, தூங்காமல், ஆலையிலிருந்து பதில் வரும்வரை இருப்பதாகச் சொன்னார்.

அக்காவை அழைத்தேன்.

"அக்கா, புதுசா ஒரு பிரைவேட் விண்டோ திறந்து போங்க. பழைய விண்டோ வேணாம்."

"இன்னும் அழிக்கச் சொல்லுவியோன்னு பாத்தேன்."

"பழைய விண்டோ 'திரும்பிப் போ'ன்னு கேட்டத ஞாபகத்துல வச்சிருக்கலாம்கா. புதுசுக்கு எதுவும் தெரியாது."

"என்னைய மாதிரி. சரி, இரு." விசைகளைத் தட்டும் சத்தம். பின்னால் ஆலையின் நீராவி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"பச்சையா வந்துடுச்சு," என்றார் அக்கா. மறுபடி விசைச் சத்தம். "பேர் கேக்குது… போட்டாச்சு. எடை அப்படியே இருக்கு. அமுக்கிறேன்."

கம்பியைத் தூக்கும் மோட்டார் முனகியது. இரும்பு ஏதோ நடுங்கியது. அதன் மேல் அக்காவின் குரல், என்னிடம் இல்லை, வெளியே பார்த்து: "அங்கிள்! போங்க! போங்க, போங்க!"

லோரியின் ஒலிப்பான் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆலைக்கு வெளியே இருட்டில் எத்தனை லோரிகள் நின்றன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒலி மெதுவாகத் தூரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது, யாரோ ஒரு நீளமான கயிற்றைச் சுண்டிவிட்டதுபோல.

அவர் குலைகளைக் கொட்டிவிட்டு, வெறும் லோரியோடு திரும்பவும் மேடையில் ஏறி எடை போட வேண்டும். அது முடிந்தால்தான் போகலாம். மற்ற லோரிக்காரர்கள் வரிசையை நிறுத்திக்கொண்டு முதலில் அவரை விட்டார்கள் என்று அக்கா சொன்னார். "எல்லாருக்கும் தெரியும்மா, அவரு எங்க போறாருன்னு."

"அங்கிள்கிட்ட குடுங்களேன்கா. தெரிஞ்சதும் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்."

"அவரு எங்க இருக்காரு? கேட்டத் தாண்டிட்டாரு."

கொஞ்ச நேரத்தில் சுபுஹ் பாங்கு கேட்டது. நீலாயில் கேட்டால் அங்கேயும் கேட்டிருக்கும். பனி விலகவில்லை, அதற்குள்ளே வெளிச்சம் மட்டும் ஊறிக்கொண்டிருந்தது. என் சக ஊழியரிடம் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்னேன். "எல்லாமா?" என்றார். "நம்ம பக்கம்" என்று திருத்தினேன்.

பகல் வேலைக்காரர்கள் வந்த பிறகும் நான் கிளம்பவில்லை. நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்றேன். எழுதி முடித்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியபோது அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், எங்கோ சாலையோரம் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பேசுகிறார்.

"தங்கச்சி, தூங்கிட்டியா? அங்கிள் போன் பண்ணாரு. வீட்டுக்குப் போனவரு காடிக்குக்கூட மாறலையாம், நேரமில்லையாம். பொண்டாட்டிய அப்படியே லோரியில ஏத்திக்கிட்டு தம்பினுக்குப் போயிட்டாராம். அவங்களுக்கு மூச்சு வாங்குதுல்ல, லோரி சீட்டு உசரமாம், நிமிந்து உக்காந்துக்கிட்டு சொகமா வந்தாங்களாம். டயாலிசிஸ் வாசல்ல லோரியப் போட்டதுக்கு நர்ஸம்மா நல்லாத் திட்டுனாங்களாம். திட்டிக்கிட்டே வீல்சேர் தள்ளிட்டு வந்து எறக்குனாங்களாம். மெஷின் போட்டாச்சு. அவரு உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன். போய்த் தூங்கு."

இரண்டு தடவை கேட்டேன். பிறகு மோட்டாரை எடுத்துக்கொண்டு செனாவாங்குக்குப் போனேன். பகலில் நன்றாகத் தூங்கினேன். கனவில் யாரும் எங்கேயும் சுற்றவில்லை.

இப்போதைய நிலை இது. மாற்றிய வரி அப்படியே இருக்கிறது. பக்கம் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிறது. எங்கள் நிறுவனத்தில் எந்த வாசலை மாற்றினாலும் அலுவலக இணைப்பை விட்டு வெளியே வந்து சோதிக்க வேண்டும் என்பது இப்போது வழக்கம். அந்த அம்மா வாரம் மூன்று தடவை போய்வருகிறார். தடுப்புக் கம்பியின் சாவிக்கு நகல் செய்து, திம்பாங் அறையில் இரவு வேலையில் இருப்பவரிடம் கொடுக்கும்படி ஆலைக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.